லைவில் துணி விற்றபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எட்டு மாதம்

ரங்கூனில் வீட்டிலிருந்தபடி முகநூல் லைவில் துணி விற்கிற பெண்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு நடந்தது அவர்களில் யாருக்காவது இப்போதும் நடந்துகொண்டிருக்கும் என்பதால் எழுதுகிறேன். லைவ் விற்பனை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு சேலைக்கும் ஒரு எண் ஒட்டியிருப்போம். சேலையை விரித்துக் காட்டி எண்ணையும் விலையையும் சொல்வோம். வாங்க நினைப்பவர் அந்த எண்ணைக் கமெண்டில் போடுவார். முதலில் போட்டவருக்குத்தான் சேலை. துணி, எண், விலை, முதலில் வந்த பெயர் இந்த நான்கையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யும்போது போன் திரை முழுக்க நம் முகம்தான் தெரியும். எண்ணும் பெயரும் அந்த முகத்தின் மேலேதான் ஓடும்.

2019 பிப்ரவரியில் தொடங்கினேன். தெய்ஞ்சி சந்தையில், பழைய ஆட்கள் சூரத்தி பஜார் என்று சொல்வார்களே அங்கே, மொத்தமாகச் சரக்கு எடுத்து வாரம் இரண்டு நாள் மாலை ஏழு மணிக்கு லைவ். முதல் சில வாரம் நன்றாகவே போனது. ஒரு நாள் யாரோ ஒருவர், ‘அமா, இன்றைக்கு முகம் வீங்கின மாதிரி இருக்கே’ என்று பர்மிய மொழியில் கமெண்ட் போட்டார். அன்பாகத்தான் கேட்டிருப்பார். அன்றிலிருந்து என் கண் திரையில் எண்ணைத் தேடுவதற்குப் பதில் என் கன்னத்துக்குப் போக ஆரம்பித்தது. தாடை தெரிகிறதா, முந்தானை விலகியிருக்கிறதா, கழுத்தில் மடிப்பு விழுகிறதா என்று ஒரு கண் எப்போதும் வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. லைவ் முடிந்த பிறகும் அது போகவில்லை. 26ஆம் தெருவில் காய்கறி வாங்கும்போது கடைக் கண்ணாடியில் என் பக்கவாட்டைப் பார்ப்பேன். அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் நான் குனிகிற விதம் எப்படித் தெரியும் என்று யோசிப்பேன்.

இதைக் கர்வம் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அப்படி நினைத்து வெட்கப்பட்டுத்தான் யாரிடமும் சொல்லவில்லை. கர்வத்தில் கொஞ்சமாவது சந்தோஷம் இருக்கும், இதில் துளிகூட இல்லை. ஒன்றும் நடக்காத நாளிலும் ஏதோ தப்பு செய்துவிட்டு நிற்கிற மாதிரி ஒரு கூச்சம் இருந்துகொண்டே இருக்கும். பழியெல்லாம் விளக்குமேலும் தோல்மேலும் போட்டேன். வட்ட விளக்கு 35,000 சாட். கிரீமும் பவுடரும் சேர்த்து 70,000. லைவுக்கு முன்னால் தயாராக இருபது நிமிடம் போதுமாக இருந்தது இரண்டு மணி நேரமானது. இடையில் கணக்கில் தப்பு வரத் தொடங்கியது. 28,000 சாட் சேலையை 18,000 என்று சொல்லிவிடுவேன். சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த லைவுக்கு யாரும் வரமாட்டார்கள். இப்படித் தப்பு விலை சொன்னதில் 96,000. ஒரே சேலையை இரண்டு பேருக்கு எழுதிவிட்டு, ஒருவரைச் சமாதானப்படுத்தத் தள்ளுபடியும் டெலிவரிச் செலவும் கொடுத்ததில் 74,000. எட்டு மாதத்தில் மொத்தம் 2,75,000 சாட். தீபாவளிக்கு முந்தைய லைவில், மகள் கல்யாணத்துக்காக ஒரு அத்தை முதலில் கேட்ட பட்டுச்சேலையை வேறொருவருக்கு எழுதிவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. ‘உனக்கு ஏதாவது கஷ்டமா கண்ணு?’ என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

மனோதத்துவம் படித்த ஒரு தோழிதான் இதற்குப் பெயர் உண்டு என்று சொன்னாள். தன்னைத் தானே காட்சிப்பொருளாக்கிக்கொள்வது. பார்பரா ஃப்ரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1997இல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார்கள். பெண் உடலை ஊர் பார்க்கிற பார்வையை அந்தப் பெண்ணே மெல்ல மெல்லத் தனக்குள் குடிவைத்துக்கொள்கிறாள், பிறகு பார்க்க யாருமே இல்லாதபோதும் அந்தப் பார்வை வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது அதன் சாரம். ‘யாரும் இல்லாதபோதும்’ என்பதுதான் என்னை உலுக்கியது. 1998இல் அவர்கள் குழு செய்த சோதனையில் கல்லூரி மாணவர்களைத் தனித்தனியாகக் கண்ணாடி உள்ள ஒரு அறைக்குள் அனுப்பினார்கள். சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். உடுத்தியிருக்கும்போதே கணக்குத் தேர்வு. அறையில் வேறு ஆளே கிடையாது. இருந்தும் நீச்சலுடை போட்ட பெண்கள் ஸ்வெட்டர் போட்ட பெண்களைவிடக் கணக்கில் குறைவாக வாங்கினார்கள். ஆண்களிடம் அந்த வித்தியாசம் வரவில்லை. ஆனால் 2004இல் வேறு ஆய்வாளர்கள், ஆண்களுக்கும் உடலோடு ஒட்டிய சிறிய நீச்சலுடை கொடுத்துச் செய்தபோது அவர்களும் சறுக்கினார்கள். அதனால் இதைப் பெண்களின் பலவீனம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கணக்கு ஏன் தப்பாகிறது? நாம் ஒரு நேரத்தில் மனதில் பிடித்துவைக்கக்கூடியது மிகக் கொஞ்சம். துணி, எண், விலை, பெயர் என்று நான்கைப் பிடித்திருக்கும்போது ‘கழுத்து எப்படி இருக்கிறது’ என்ற ஐந்தாவது உள்ளே வந்தால் ஏதோ ஒன்று வெளியே விழுந்தாக வேண்டும். என் விஷயத்தில் விழுந்தது பெரும்பாலும் கடைசியாக வந்தது. லைவில் கடைசியாக வருவது வாங்குபவரின் பெயர்.

எனக்கு இது பொருந்துகிறதா என்று பார்க்கத் தோழி ஒரு வழி சொன்னாள். அதை அப்படியே யாரும் செய்யலாம். பழைய லைவ் பதிவு ஒன்றை எடுத்தேன். அதை மறுபடி பார்ப்பதே வெளியிலிருந்து என்னைப் பார்ப்பதுதானே, அதனால் முகம் வருகிற இடத்தை ஒரு வெள்ளைத்தாளால் மூடி, கீழே துணியும் கையும் மட்டும் தெரியும்படி வைத்தாள். கை துணியை விட்டுவிட்டுத் தாளுக்குப் பின்னால் போகும்போதெல்லாம், அதாவது முடியையோ முந்தானையையோ சரிசெய்யும்போதெல்லாம், நேரத்தை எழுதச் சொன்னாள். நடுவில் பத்து நிமிடத்தில் 31 தடவை. பிறகு அந்த லைவில் நான் செய்த தப்புகளை ஆர்டர் நோட்டிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் எழுதினோம். அன்றைக்கு நான்கு தப்பு. மூன்று, கை மேலே போய் வந்த சில நொடிக்குள். 42ஆம் எண் சேலையில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. விலையைச் சொன்னேன், கை மேலே போனது, கமெண்டில் ஒரு பெயர் வந்தது, கை இறங்கியது, நான் வாசித்தது இரண்டாவதாக வந்த பெயர். முதல் பெயர் என் கண்முன்னேதான் ஓடியிருக்கிறது.

‘இனிமேல் பார்க்கக் கூடாது’ என்று உறுதி எடுத்துக்கொண்டு அடுத்த லைவுக்கு உட்கார்ந்தேன். அன்று இன்னும் மோசம். பார்க்கிறோமா என்று கவனிப்பதற்கும் ஒரு காவலாள் வேண்டியிருக்கிறது, அவனும் அதே சின்ன இடத்தில்தான் உட்காருகிறான். மனதைத் திருத்துவதற்கு முன்னால் படத்தை அப்புறப்படுத்த வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

போனைத் திருப்பி வைத்து, பின்பக்கக் கேமராவில் லைவ் போட ஆரம்பித்தேன். திரை சுவரைப் பார்க்கும், எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால் வருகிற சிக்கல்களுக்கு முன்கூட்டியே வழிசெய்துகொள்ள வேண்டும். போனை ஸ்டாண்டில் ஐந்தடி தள்ளி வைத்து, படம் எங்கே முடிகிறது என்று யாரையாவது பார்க்கச் சொல்லி, மேசையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒட்டுநாடாவால் கோடு போட்டேன். சேலை அந்த இரண்டு கோட்டுக்குள் இருந்தால் திரைக்குள் இருக்கிறது. நான் நிற்கிற இடத்துக்குத் தரையில் ஒரு கோடு. கமெண்டைப் படிக்க இரண்டாவது போன் வேண்டும், இங்கேதான் முதலில் தப்பு செய்தேன். அதை நானே கையில் வைத்துக்கொண்டேன். அதில் என் முகம் சில நொடி தாமதமாக வந்தது. நான் நிமிர்ந்த பிறகு அது நிமிர்கிறது. முன்பைவிட அதிகமாக அதையே பார்த்தேன். அதன் பிறகு அந்தப் போனை அக்கா மகளிடம் கொடுத்து, எனக்குப் பக்கவாட்டில், திரை என் பக்கம் தெரியாதபடி உட்கார வைத்தேன். சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட வேண்டும், இல்லையென்றால் என் குரலே திரும்பி வந்து குழப்பும். அவள் சத்தமாகச் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம், எண்ணும் முதல் பெயரும். நான் அதைத் திருப்பிச் சொல்வேன், அவள் நோட்டில் எழுதுவாள். ‘சித்தி, நல்லா இருக்கீங்கன்னு போட்டிருக்காங்க’ என்பதையும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

முன்கேமராவோடு தனியாகச் செய்த கடைசி ஆறு லைவில் 19 தப்பு. பின்கேமராவும் அவளுமாகச் செய்த ஆறில் நான்கு. ஆனால் உதவிக்கு ஆள் வந்ததாலேயே குறைந்திருக்கலாம் அல்லவா? அதனால் நடுவில் இரண்டு லைவில் அவளையும் உட்காரவைத்து, முன்கேமராவில் என் முகமும் தெரியும்படி செய்து பார்த்தேன். ஒன்றில் இரண்டு தப்பு, ஒன்றில் மூன்று. ஆள் உதவி கொஞ்சம் குறைத்தது, முகம் மறைந்தது மீதியைக் குறைத்தது. இரண்டே லைவை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். என் வீட்டு முடிவுக்கு அது போதுமாக இருந்தது. உதவிக்கு ஆளே இல்லாதவர்கள் முன்கேமராவிலேயே செய்யலாம், ஆனால் திரையின் மேல்பாதியில் ஒட்டுகிற சிறிய தாளை ஒட்டிவிடுங்கள். கமெண்ட் கீழ்ப்பாதியில்தான் ஓடும். லென்ஸை மட்டும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூமில் வகுப்பெடுப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். உங்கள் படத்தின் மேல் வலது கிளிக் செய்து Hide Self View கொடுத்தால் மற்றவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்குத் தெரியமாட்டீர்கள்.

ஐந்தடி என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கை நீட்டுகிற தூரத்தில் முன்கேமரா காட்டுகிற முகம் உங்கள் முகமே இல்லை. கேமரா பக்கத்தில் இருந்தால், அதற்கு அருகில் இருக்கிற மூக்கு பெரிதாகவும் பின்னால் இருக்கிற காது சிறிதாகவும் விழும். 2018இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை இதைக் கணக்குப் போட்டுச் சொன்னது. ஐந்தடி தூரத்தோடு ஒப்பிட்டால் ஒரு அடி தூரத்தில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடித் தெரிகிறது. நான் எட்டு மாதம் கவலைப்பட்ட மூக்கு அந்தத் தூரத்தின் மூக்கு. முகத்தை அழகாக்குகிற ஃபில்டர் இதற்கு மருந்து என்று நினைத்து அதையும் போட்டுப் பார்த்தேன். லைவ் முடிந்து அதை அணைக்கும் நொடியில் சொந்த முகம் நோய் வந்தது போலத் தெரியும். விட்டுவிட்டேன்.

லைவ் சரியானாலும் வீட்டில் அந்தக் கண் இருந்தது. அதற்கு எனக்கு உதவியது கட்டையை அரைத்து முகத்தில் பூசுகிற தனாக்கா. இங்கே பிறந்த நமக்கு அது புதிதில்லை, ஆனால் நான் எப்போதும் கண்ணாடி முன் நின்றுதான் பூசுவேன். ஒரு நாளுக்கு ஒரு தடவை கண்ணாடி இல்லாமல் பூசிப் பார் என்றாள் தோழி. கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டையைப் பட்டைப் பக்கமாக வைத்து வட்டமாக அரைக்க வேண்டும். முதலில் கட்டை வழுக்கும், பிறகு பிடிக்கும், பால் போலக் கசிந்து வரும். விரலால் எடுத்துக் கன்னத்தில் வைத்தால் முதலில் சில்லென்று இருக்கும். காயக் காயத் தோல் மெல்ல இழுக்கும். எந்த இடம் ஈரம், எந்த இடம் காய்ந்துவிட்டது என்று விரல் நுனியாலேயே தெரிந்துகொண்டு பூசி முடிக்க வேண்டும். முதல் மூன்று நாள் ‘கோணலாக இருக்குமோ’ என்ற நினைப்பு ஒவ்வொரு நிமிடமும் வந்தது. வந்தால் அதோடு சண்டை போடாமல் கன்னத்தில் குளிர்ச்சி இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பத்து நாளில் அந்த ஐந்து நிமிடம் என்னுடையதாகிவிட்டது. முடித்த பிறகு ஒரே ஒரு தடவை கண்ணாடி பார்த்து வழிந்ததைத் துடைக்கலாம். இரண்டாவது தடவை போனால் அது சரிசெய்வதற்காக இல்லை, நிச்சயப்படுத்திக்கொள்வதற்காக. அந்த நிச்சயம் எத்தனை தடவை பார்த்தாலும் கிடைக்காது.

இந்தப் பயிற்சி உடலை உள்ளிருந்து உணர்வதற்காக. அந்த 1997 கட்டுரையிலேயே இது இருக்கிறது. வெளித்தோற்றத்தைக் காவல் காப்பவர்களுக்குப் பசி, களைப்பு, படபடப்பு போன்ற உள்சேதிகள் சரியாகக் கேட்பதில்லை என்றார்கள். அந்த எட்டு மாதத்தில் நான் லைவ் நாட்களில் மதியம் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன், பசித்ததாக நினைவே இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் எரிச்சலும் அழுகையும் வரும், மனம் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன். பாதி அது வெறும் வயிறு. இப்போது லைவ் நாளில் நாலு மணிக்குப் பசிக்கிறதோ இல்லையோ ஒரு கிண்ணம் மொஹிங்கா சாப்பிட்டுவிடுகிறேன்.

எழுதுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்று சொல்லலாம். நெதர்லாந்தில் ஜெசிகா அல்லேவா என்ற ஆய்வாளரின் குழு 2015இல் ஒரு எழுத்துப் பயிற்சியை வெளியிட்டது. பதினைந்து நிமிடம், மூன்று தடவை. உடல் எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது என்னென்ன செய்கிறது, அது எனக்கு ஏன் முக்கியம் என்று எழுத வேண்டும். தன்னைக் காட்சிப்பொருளாகப் பார்ப்பது அதில் குறைந்தது என்று கண்டார்கள். நான் செய்தபோது முதல் நாள் ‘என் கைகள் உழைக்கின்றன’ என்கிற மாதிரி பொதுவாக எழுதி ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள், முப்பது சேலைக் கட்டை நாலு மாடி தூக்கிக்கொண்டு ஏறியது, பட்டில் ஜரிகை உண்மையா இல்லையா என்று விரல் சொல்லிவிடுவது, அக்கா மகள் காய்ச்சலில் கிடந்தபோது என் மடியில் தூங்கியது என்று குறிப்பாக எழுதினேன். அப்போதுதான் ஏதோ இளகியது.

நல்ல மனதோடு செய்பவர்கள் கெடுத்துவிடுகிற ஒரு விஷயம் பாராட்டு. ‘நான் குண்டாயிட்டேனா?’ என்று அக்காவிடம் கேட்பேன், ‘இல்லடி, அழகா இருக்க’ என்பார். பத்து நிமிடம் நிம்மதி, பிறகு அந்த அழகு இன்னும் இருக்கிறதா என்று காவல் காக்க வேண்டும். பாராட்டும் தோற்றத்தின் பக்கமே நம்மைத் திருப்பிவிடுகிறது. அதனால் அக்காவிடம், நான் கேட்டால் பதில் சொல்லாமல் பேச்சை மாற்று என்று கெஞ்சிச் சொல்லிவைத்தேன். முதலில் அவருக்கு வருத்தம். இப்போது, ‘சரி, அந்த ஊதாச் சேலை எத்தனை போச்சு?’ என்று கேட்கிறார்.

அலங்காரம் செய்துகொள்வதை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பூ வைத்து, பொட்டு இட்டு, பிடித்த சேலை கட்டி, அதோடு அதை மறந்துவிட்டு வெளியே போக முடிந்தால் அது சந்தோஷம். மறக்க முடிகிறதா என்பதுதான் அளவு. ஒரே உறுப்பைப் பற்றி நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கவலை ஓடினாலோ, சாப்பாட்டை வேண்டுமென்றே விட்டாலோ, சாப்பிட்டதை வெளியேற்றத் தோன்றினாலோ, வெளியே போவதையே தவிர்த்தாலோ, சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தாலோ தாளும் தனாக்காவும் போதாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். போகும்போது ‘முகம் நல்லா இல்ல’ என்று சொன்னால் சிலர் தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள். எத்தனை மணி நேரம் அந்த நினைப்பில் போகிறது, அதனால் எந்த வேலை நின்றது என்று எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

எனக்கு இன்னும் கல்யாண வீடுகளில் அது திரும்பி வருகிறது. வீடியோக்காரர் வரிசையாக முகங்களைப் பிடித்துக்கொண்டு வரும்போது என் தோள் தானாக நிமிரும், மூச்சு நிற்கும். மூச்சு நின்றது தெரிந்தவுடன் இரண்டு பாதத்திலும் எடை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு பந்தலில் கேட்கிற சத்தங்களில் தூரத்தில் இருப்பது எது என்று தேடுவேன். போன மாதம் அது சமையல் பக்கம் அப்பளம் பொரிக்கிற சத்தமாக இருந்தது. வீடியோக்காரர் எப்போது கடந்து போனார் என்று தெரியவில்லை.